இரண்டு நீளங்கள், இருபத்தாறு கணுக்கள்: ஜியோடெசிக் குவிமாடம் கைக்கு எட்டிய கதை

1922ஆம் ஆண்டு ஜெர்மனியின் யேனா நகரில், கார்ல் ஸைஸ் ஒளியியல் நிறுவனத்தின் தொழிற்கூட மாடியில் 16 மீட்டர் விட்டமுள்ள ஓர் அரைக்கோளக் கூடு எழத் தொடங்கியது. மூனிச் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்துக்காக அந்நிறுவனம் உருவாக்கிவந்த கோளரங்க ஒளிக்கருவியைச் சோதிப்பதற்கு, விண்மீன்களை விழச்செய்யும் ஒரு செயற்கை வானம் தேவைப்பட்டது. கருவியை வடிவமைத்த பொறியாளர் வால்ட்டர் பவர்ஸ்ஃபெல்ட் அந்த வானத்தையும் தாமே வடிவமைத்தார். ஏறத்தாழ 3,500 இரும்புத் தண்டுகளை முக்கோண வலையாகப் பின்னி, அதன்மேல் மெல்லிய கம்பிவலை வேய்ந்து, கான்கிரீட்டைப் பீய்ச்சிப் பூசினார்கள். தண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம். அந்நீளத்தில் அனுமதிக்கப்பட்ட பிழையோ மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு.

அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இதே வகை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றது 1954இல். ஆகவே இவ்வடிவத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வழக்கு இன்றும் அவ்வப்போது எழுகிறது. அவ்வழக்கைக் காட்டிலும் சுவையான கேள்வி வேறொன்று உண்டு. யேனாவில் நுண்கருவிகள் செய்து பழகிய கைகளும் இருபதில் ஒரு மில்லிமீட்டர்த் துல்லியமும் தேவைப்பட்ட வடிவத்தை, அரை நூற்றாண்டுக்குள் கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவர்கள் அளவுநாடாவையும் துளைக்கருவியையும் கொண்டு எழுப்பினார்கள். வடிவியல் மாறவில்லை. பிறகு மாறியது எது?

விடை காண, கோளத்தை முக்கோணங்களால் மூடுவதில் உள்ள அடிப்படைத் தடையை முதலில் அறிய வேண்டும். எல்லாத் தண்டும் ஒரே நீளம், எல்லா முனையும் ஒரே வகை என்னும் நிபந்தனையோடு முக்கோணங்களால் மூடிய உருவம் அமைக்க முனைந்தால், இருபது முகங்களுக்கு மேல் போக இயலாது. அந்த எல்லையில் நிற்பதே இருபதுமுகி: 12 முனைகள், 30 விளிம்புகள், 20 சமபக்க முக்கோணங்கள். ஒவ்வொரு முனையிலும் ஐந்து விளிம்புகள் கூடுகின்றன. ஆனால் 3 மீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குள் பொருந்தும் இருபதுமுகியின் விளிம்பு 3.15 மீட்டர் நீளம் கொண்டது. முகங்களோ பெரிய தட்டைப் பலகைகள். வட்டமான கூரை வேண்டுமெனில் ஒவ்வொரு முகத்தையும் சிறு முக்கோணங்களாகப் பகுத்து, புதிதாய்ப் பிறந்த முனைகளைக் கோளத்தின் பரப்புவரை வெளியே தள்ள வேண்டும். தள்ளிய கணமே சமநீளம் என்னும் பேறு போய்விடுகிறது. முகத்தின் நடுவே இருந்த புள்ளி கோளப்பரப்பிலிருந்து அதிகம் தாழ்ந்திருந்ததால் அதிகத் தொலைவு நகர்கிறது. ஓரத்தில் இருந்தது குறைவாகவே நகர்கிறது. இடையிலுள்ள தண்டுகள் அதற்கேற்ப வெவ்வேறு அளவில் நீள்கின்றன.

நீளங்கள் சிதறினாலும் கட்டின்றிச் சிதறுவதில்லை என்பதே இக்கலையின் உயிர்நிலை. இருபதுமுகியின் சமச்சீர் தண்டுகளைக் குழுக்களாகக் கட்டிவைக்கிறது. ஒரு முகத்தில் ஓரிடத்தில் நிகழ்வது ஏனைய பத்தொன்பது முகங்களிலும் ஒத்த இடங்களில் அப்படியே நிகழும். ஆகவே கணக்கிட வேண்டியது ஒரே முகத்தை மட்டும். அதிலும் அம்முகத்தின் ஆறில் ஒரு பங்கே போதும்.

எளிய நிலையை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு விளிம்பையும் இரண்டாகப் பிரிப்பதாகக் கொள்வோம். பிரிவுகளின் இவ்வெண்ணிக்கையை ஃபுல்லரின் வழிவந்தவர்கள், அலைகளுக்குரிய ‘அதிர்வெண்’ என்னும் சொல்லால் அழைத்தார்கள். அதிர எதுவும் இல்லாத இடத்தில் அச்சொல் எப்படியோ நிலைத்துவிட்டது. ஆரம் 1 எனில் இருபதுமுகியின் விளிம்பு 1.05146. அதன் நடுப்புள்ளி மையத்திலிருந்து 0.85065 தொலைவில் உள்ளது. அதை 1 வரை தள்ள வேண்டும். ஒரே முகத்தின் நடுப்புள்ளிகள் இரண்டை இணைக்கும் தண்டு முன்பு 0.52573 ஆக இருந்தது. அதன் இரு முனைகளும் ஒரே விகிதத்தில் வெளியே போவதால், 0.52573ஐ 0.85065ஆல் வகுத்தால் புதிய நீளம் 0.61803 எனக் கிடைக்கிறது. இது பொன்விகிதத்தின் தலைகீழ் என்பதைக் கணிதம் பயின்றோர் கண்டுகொள்வர். மற்றொரு வகைத் தண்டு, பழைய முனை ஒன்றையும் நடுப்புள்ளி ஒன்றையும் இணைப்பது. அதன் ஒரு முனை அசையவில்லை. ஒரு முனை மட்டுமே தள்ளப்பட்டது. அதன் நீளம் 0.54653. வேறு வகையே இல்லை. முழுக்கோளத்தின் 120 தண்டுகளும் இவ்விரு குழுக்களுள் அறுபது அறுபதாக அடங்கிவிடுகின்றன. முன்னதை நெடுந்தண்டு என்றும் பின்னதைக் குறுந்தண்டு என்றும் அழைப்போம்.

இவ்வெண்களை நாண் கெழு எனலாம். வேண்டிய ஆரத்தால் பெருக்கினால் தண்டின் நீளம் வந்துவிடும். 3 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்துக்கு நெடுந்தண்டு 1.854 மீட்டர், குறுந்தண்டு 1.640 மீட்டர். முன்னதில் 35, பின்னதில் 30, ஆக 65 தண்டுகள். அவை கூடும் கணுக்கள் 26: ஐந்து தண்டுகள் கூடுபவை 6, ஆறு கூடுபவை 10, தரையை ஒட்டி நான்கு கூடுபவை 10. ஐந்து கூடும் கணு இருபதுமுகியின் பழைய முனை. அதில் குறுந்தண்டுகள் மட்டுமே சேரும். ஆறு கூடும் கணுவில் நான்கு நெடியவை, இரண்டு குறியவை. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்திருப்பவருக்கு வரைபடம் ஏறக்குறைய தேவைப்படாது.

கணு என்பது இங்கே உவமை அன்று. ஆங்கிலத்தில் இந்த இணைப்பிடத்துக்கு வண்டிச் சக்கரத்தின் குடத்தைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆரக்கால்கள் குடத்தில் செருகப்படுவதுபோல் தண்டுகள் வந்து கூடும் இடம் என்னும் கருத்தில். சக்கரத்தின் ஆரக்கால்கள் ஒரே தளத்தில் கிடக்கும். குவிமாடத்திலோ ஒவ்வொரு தண்டும் கணுவிலிருந்து சற்றே உள்நோக்கிச் சாய்ந்தாக வேண்டும். இந்த இரட்டைப் பகுப்பில் நெடுந்தண்டின் சாய்வு 18 பாகை, குறுந்தண்டின் சாய்வு ஏறத்தாழ 16 பாகை. மிக எளிய இணைப்பு முறையில், மெல்லிய இரும்புக் குழாயின் இரு முனைகளையும் தட்டையாக நசுக்கி, துளையிட்டு, அப்பாகை அளவுக்கு வளைத்து, ஐந்தாறு முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே போல்ட்டால் முடுக்குவார்கள். அங்கே கெழு தரும் நீளம் துளைக்குத் துளை உள்ள தொலைவே தவிர குழாயின் முழு நீளம் அன்று. கணுவாக ஒரு குழாய்த்துண்டையோ வட்டத் தகட்டையோ வைத்தால், அதன் ஆரத்தை ஒவ்வொரு தண்டின் இரு முனைகளிலும் கழிக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கணுவுக்கு ஒவ்வொரு தண்டிலும் 10 சென்டிமீட்டர் குறையும். இதை மறந்தால் கூடு சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதானே என எண்ணத் தோன்றும். நெடியதற்கும் குறியதற்கும் ஒரே அளவு கூடுவதால் இரண்டின் விகிதமே பிறழ்ந்துவிடுகிறது. கணுக்கள் கோளத்தின்மேல் அமைவதில்லை.

யேனாவின் துல்லியம் எதற்காக என்பது இந்தச் சாய்விலிருந்தே விளங்கும். 8 மீட்டர் ஆரமுள்ள கோளத்தில் 60 சென்டிமீட்டர்த் தண்டு ஏறத்தாழ 2 பாகை மட்டுமே சாய்கிறது. சுற்றியுள்ள ஆறு கணுக்களின் தளத்துக்கு மேலே நடுக்கணு எழும் உயரம் சுமார் 22 மில்லிமீட்டர். அண்டைக் கணுக்கள் அசையாமல் நிற்பதாகக் கொண்டால், 600 மில்லிமீட்டர்த் தண்டின் கிடைத்தள வீச்சு 599.58 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே எஞ்சுவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்டுகள் அந்த அளவுக்குக் குட்டையாக வெட்டப்பட்டால் மேடு முற்றிலும் மறைந்து பரப்பு தட்டையாகிவிடும். அதற்குப் பாதி பிழையிலேயே உயரம் கண்ணுக்குத் தெரியும்படி சரியும். விண்மீன்களைச் சரியான இடத்தில் காட்ட வேண்டிய திரையில் இதைப் பொறுக்க முடியாது. இதே கணக்கை 3 மீட்டர் ஆரமுள்ள இரட்டைப் பகுப்புக்குப் போட்டால், நெடுந்தண்டு 1854 மில்லிமீட்டர், அதன் வீச்சு 1763; இடைவெளி 91 மில்லிமீட்டர். மூன்று நான்கு மில்லிமீட்டர் பிழையை அந்தக் கூடு பொருட்படுத்தாது. பகுப்பு கூடக் கூடக் கோளம் வழுவழுப்பாகிறது, கணு தட்டையாகிறது, பிழைக்குரிய இடம் சுருங்குகிறது. பகுப்பைக் குறைத்தபோதுதான் இவ்வடிவம் தொழிற்கூடத்தை விட்டு வெளியே வர முடிந்தது.

ஃபுல்லரின் தொடக்க முயற்சிகள் இந்த விடுதலையை உடனே தரவில்லை. 1948 கோடையில் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில், சன்னல் மறைப்புகளுக்கான மெல்லிய உலோகப் பட்டைகளை மாணவர்களோடு சேர்ந்து கோத்து ஏறத்தாழ 15 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் ஒன்றை எழுப்ப முயன்றார். அது எழவேயில்லை. நிமிராமல் படுத்துக் கிடந்ததால் ‘மல்லாந்த குவிமாடம்’ என்னும் பெயரே அதற்கு நிலைத்தது. நீளங்கள் கணக்கிடப்பட்டிருந்தன, அழுத்தத்தை வாங்கும் விறைப்புத்தான் அந்தப் பட்டைகளில் இல்லை. அடுத்த கோடையில் வேறு பொருளில் சிறிய குவிமாடம் நின்றது. 1953இல் டியர்போர்ன் நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் வட்ட மண்டபத்துக்கு 93 அடி விட்டத்தில் அவர் அமைத்த கூரைதான் தொழில்துறையின் நம்பிக்கையை அவருக்குப் பெற்றுத் தந்தது. மரபான எஃகுக் குவிமாடம் 160 டன் எடை வருமென மதிப்பிடப்பட்ட இடத்தில் இது எட்டரை டன்னில் முடிந்தது. அதன்பின் ராணுவமும் கண்காட்சிகளும் இவ்வடிவத்தை எடுத்துக்கொண்டன. அகமதாபாத்தில் காலிகோ ஆலைக்காகக் கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும் 1960களின் தொடக்கத்தில் எழுப்பிய குவிமாடமும் இந்த அலையைச் சேர்ந்ததே. ஆயினும் இவை அனைத்தும் பொறியாளர்களும் கட்டடக்கலைஞர்களும் கட்டியவை.

நீளங்களின் பட்டியல் பொதுக் கைகளுக்கு வந்தது 1960களின் இறுதியில். 1965இல் கொலராடோவின் டிரினிடாட் ஊருக்கு அருகே தொடங்கிய டிராப் சிட்டி என்னும் கலைஞர் குடியிருப்பில், பழைய கார்களின் கூரைத் தகடுகளை வெட்டியெடுத்துக் குவிமாடங்களுக்கு வேய்ந்தார்கள். அங்கே பணியாற்றிய ஸ்டீவ் பேயர் 1968இல் ‘டோம் குக்புக்’ வெளியிட்டார். சான்டா குரூஸ் மலைகளில் பசிஃபிக் உயர்நிலைப் பள்ளி என்னும் மாற்றுப்பள்ளி ஒன்று இருந்தது. மாணவர்கள் தங்குவதற்கு வேண்டிய கூரைகளை மாணவர்களே கட்டும் பணியை அங்கு வழிநடத்தியவர் லாயிட் கான். இரண்டாண்டுக் காலத்தில் பதினேழு குவிமாடங்கள் எழுந்தன. அந்த அனுபவமே 1970இல் ‘டோம்புக் ஒன்’, 1971இல் ‘டோம்புக் 2’ என்னும் நூல்களாயிற்று. நாண் கெழுக்கள் சமையற்குறிப்பின் அளவுகளைப் போல அவற்றில் அச்சாயின. கோள முக்கோணவியல் அறியாதவரும் எண்ணை ஆரத்தால் பெருக்கி வெட்டத் தொடங்கலாம் என்னும் நிலை உருவானது. அறிவைப் பரப்பிய செயலாக மட்டும் இதைப் பார்ப்பது போதாது. சமச்சீரில் மறைந்திருந்த குழுக்களைப் பெயரிட்டு, எண்ணிட்டு, வண்ணமிட்டுத் தந்ததில்தான் அதன் சாரம் உள்ளது. தண்டுகளின் முனைகளில் குழுவுக்கொரு வண்ணம் பூசிவிட்டால் பிழைக்கு இடமளிப்பது கணக்கு அன்று. குவியலிலிருந்து தண்டை எடுத்துத் தரும் கையின் கவனமே.

அந்தக் கவனம் தவறினால் என்ன நேரும் என்பது பகுப்பைப் பொறுத்தது. இரட்டைப் பகுப்பில் இரு நீளங்களுக்கும் 21 சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பதால், தவறான தண்டு உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். துளை துளையோடு சேராது. விளிம்பை மூன்றாகப் பகுத்தால் மூன்று கெழுக்கள் வருகின்றன: 0.34862, 0.40355, 0.41241. 3 மீட்டர் ஆரத்துக்குப் பின்னிரண்டும் 1.211 மீட்டர், 1.237 மீட்டர் ஆகும். வேறுபாடு இரண்டரைச் சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். இவற்றை மாற்றிப் பூட்டினாலும் போல்ட் ஏறிவிடும். கூடு வளைந்து கொடுத்துவிடும். இந்தப் பகுப்பில் ஒரு கணுவின் சுற்றில் உள்ள பிழைக்குரிய இடைவெளியும் ஏறத்தாழ இதே இரண்டரைச் சென்டிமீட்டர்தான் என்பது கவனிக்கத்தக்கது. நெடியது வரவேண்டிய இடங்களில் நடுநீளம் வந்து கூடினால் அந்தக் கணு தட்டையாகி, மேலே ஆள் ஏறியதும் உட்குழிந்துவிடக்கூடும். தவறு நேர்ந்த இடத்தில் அது தென்படாமல், பல வரிசைகள் தள்ளி, கடைசி வளையம் மூட மறுக்கும்போது வெளிப்படுவதும் உண்டு. அப்போது கடைசித் தண்டை அறுத்துப் பொருத்த முனைவோர் பிழையைப் புதைக்கிறார்கள். வெளியிலிருந்து கணுக்களை நோக்கி, எது தன் அண்டைக் கணுக்களைவிடத் தாழ்ந்திருக்கிறது எனத் தேடி, அதன் தண்டுகளை அளப்பதே வழி. கடைசித் தண்டு ஏறும்வரை எந்த மரையையும் முழுதாக முடுக்கக் கூடாது என்னும் நடைமுறையும் இதனால் வந்ததே. தளர்ந்த கணுக்கள் சிறு பிழைகளைக் கூடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். இறுகிய கணுக்கள் அவற்றைக் கடைசி வளையத்துக்குத் தள்ளிவிடும்.

கூடு நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மழை வரும்போது வேறொரு கணக்கு தொடங்குகிறது. நம் 3 மீட்டர்க் கூட்டில் 65 தண்டுகளுள் தரையோரம் கிடக்கும் பத்து நீங்க, 55 தண்டுகளின்மேல் இரண்டிரண்டு பலகைகள் சந்திக்கின்றன. அச்சந்திப்புகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 95 மீட்டர். அவை மூடிக் காக்கும் தரைப்பரப்போ 26 சதுர மீட்டர்தான். சாய்ந்த ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவதால் நீர் தானாக வழிந்தோடும். குவிமாடத்தின் இணைப்புகள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. உச்சிக்கு அருகில் பலவும் ஏறக்குறைய கிடையாகவே கிடக்கின்றன. ஒட்டுப்பலகை ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போதெல்லாம் இணைப்பில் பூசிய பசை இழுபட்டுக் கிழிகிறது. ஒழுகுவது ஓரிடம், உள்ளே சொட்டுவது வேறிடம். நீர் தண்டின் வழியே இறங்கிக் கணுவில் வந்து சொட்டும். நீளங்களைக் குழுவாக்கிய சமச்சீரால் இதற்கு எவ்வுதவியும் செய்ய முடியவில்லை. யேனாவில் இக்கேள்வி எழாததன் காரணமும் இங்கே தெளிவாகிறது. அங்கே தண்டு வலை கான்கிரீட்டுக்குள் புதைந்து வலுவூட்டும் கம்பியாகிவிட்டது. மேலே இருந்தது இணைப்பே இல்லாத ஒற்றை ஓடு. தண்டுகளும் கணுக்களும் பலகைகளுமாகப் பிரித்து யாரும் கட்டலாம் என்னும் எளிமையை வாங்கியபோது, அந்த ஒற்றை ஓட்டை விலையாகக் கொடுத்தாயிற்று.

ஃபோர்டு மண்டபமும் இதற்குத் தப்பவில்லை. 1962 நவம்பர் 9 அன்று, குளிர்காலத்துக்கு முன் அதன் கூரைக்குச் சூடேற்றிய நீர்த்தடுப்புப் பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது தீப்பற்றி, மண்டபம் முழுவதும் எரிந்து தரைமட்டமாயிற்று.

‘டோம்புக் 2’ லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. ஒழுகலும், வளைந்த சுவரோடு அறைத்தடுப்பும் அலமாரியும் பொருந்தாத தொல்லையும், முக்கோணங்களை வெட்டுகையில் செவ்வகப் பலகையில் வீணாகும் துண்டுகளும் லாயிட் கானை வேறு முடிவுக்குக் கொண்டுவந்தன. நன்கு விற்றுக்கொண்டிருந்த அந்நூலின் மறுஅச்சை அவரே நிறுத்தினார். 1973இல் வெளியிட்ட ‘ஷெல்ட்டர்’ என்னும் நூலில் உலகின் பல நாட்டு மரபு வீடுகளை முன்வைத்து, குவிமாடத்தின்மீது தாம் கொண்டிருந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பொலினாஸில் தாம் குடியிருந்த குவிமாடத்தைப் பிரித்து விற்றுவிட்டு, நேரான சுவர்கள் கொண்ட மரவீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார்.